இருபது இலக்கத்துக்கு அப்பால்: சி மொழியில் பெரிய எண்களின் கூட்டலும் பெருக்கலும்

சி மொழியில் ஒரு முழு எண்ணை வைக்க எல்லாக் கம்பைலர்களும் உறுதியாகத் தரும் மிகப் பெரிய இடம் 64 பிட். `uint64_t` என்ற வகையில் அடங்கும் கடைசி எண் 18446744073709551615. இருபது இலக்கம் கொண்ட இந்த எண் எட்டாத தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் இதைத் தாண்டுவது மிக எளிது. 1 முதல் 20 வரையுள்ள எண்களை வரிசையாகப் பெருக்கினால் 2432902008176640000 வரும். அது 64 பிட்டில் அடங்கிவிடும். அதை இன்னும் ஒரே ஒரு முறை, 21-ஆல் பெருக்கினால் வரவேண்டிய விடை 51090942171709440000. நிரல் காட்டுவதோ 14197454024290336768.

இந்தத் தவறான விடையும் இருபது இலக்கம்தான். நிரல் நிற்பதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. குறியில்லாத எண் வகைகளில் அளவு மீறினால், 2-இன் 64-ஆம் அடுக்கால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சி மொழியின் விதி. மேலே வந்த எண் அந்த மீதிதான். குறியுள்ள `int64_t` வகையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அளவு மீறினால் என்ன நடக்கும் என்று மொழியின் தரநிலை எதையும் வரையறுக்கவில்லை. அப்படி ஒருபோதும் நடக்காது என்று வைத்துக்கொண்டு கம்பைலர் நிரலின் சில பகுதிகளையே நீக்கிவிடலாம்.

`double` வகைக்கு மாறினால் எண்ணின் பருமன் அடங்கும், துல்லியம் போய்விடும். அதில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பவை 53 பிட் மட்டுமே. 9007199254740992 என்ற எண்ணோடு 1 கூட்டினால் வழக்கமான கணினிகளில் அதே எண்தான் திரும்ப வரும். கடைசி இலக்கம் வரை சரியான விடை வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. எண்ணைத் துண்டுகளாக வெட்டி ஓர் அணியில் அடுக்கி, பள்ளியில் தாளில் போட்ட கூட்டலையும் பெருக்கலையும் நிரலாக எழுத வேண்டும்.

முதல் கேள்வி, அணியின் ஒரு கட்டத்தில் எவ்வளவு வைப்பது என்பது. பலரும் முதலில் செய்வது ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் வைப்பதுதான். அது சரியாகவே வேலை செய்யும். ஆனால் 0 முதல் 9 வரை மட்டுமே வரும் ஒரு கட்டத்துக்கு 32 பிட்டை ஒதுக்குவது பெரும் வீண். 32 பிட்டில் 4294967295 வரை அடங்கும். ஆகவே ஒரு கட்டத்தில் 0 முதல் 999999999 வரை, அதாவது ஒன்பது இலக்கங்களைச் சேர்த்து வைக்கலாம். பத்து இலக்கம் வைத்தால் அடங்காது. இப்படி வைக்கும்போது, பத்தை அடிமானமாகக் கொண்ட எண்முறையிலிருந்து நூறு கோடியை அடிமானமாகக் கொண்ட எண்முறைக்கு மாறிவிடுகிறோம். ஒவ்வொரு கட்டமும் அந்த முறையில் ஒரே ஓர் 'இலக்கம்'.

அடுத்தது வரிசை. தாளில் எண்ணை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். கணக்கை வலமிருந்து தொடங்குகிறோம். அணியில் இதைத் தலைகீழாக வைப்பதே நல்லது. ஒன்றாம் இடத்துப் பகுதி `a[0]`-இல், அதற்கு மேற்பட்டது `a[1]`-இல், இப்படியே மேலே போகும். 2432902008176640000 என்ற எண்ணை வலது கோடியிலிருந்து ஒன்பது ஒன்பதாக வெட்டினால் 2, 432902008, 176640000 என்று மூன்று துண்டு கிடைக்கும். `a[0]` = 176640000, `a[1]` = 432902008, `a[2]` = 2. கணக்கில் எண் வளர்வது எப்போதும் மேல்பக்கம்தான். இந்த வரிசையில் அணியின் முடிவில் ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும். மாற்றி வைத்திருந்தால் ஒவ்வொரு முறை எண் நீளும்போதும் எல்லாக் கட்டங்களையும் ஓரிடம் தள்ள வேண்டியிருக்கும்.

கூட்டல் எளியது. கீழ்க் கட்டத்திலிருந்து தொடங்கி, இரண்டு எண்களின் கட்டங்களையும் கையிருப்பையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை நூறு கோடியை எட்டினால் அதைக் கழித்துவிட்டு, கையில் 1 வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். கட்டத்தில் இருக்கக்கூடிய மிகப் பெரிய இரண்டு எண்களையும் கையிலுள்ள 1-ஐயும் கூட்டினால் 1999999999 வரும். அது 32 பிட்டுக்குள் தாராளமாக அடங்கும். கையிருப்பு ஒருபோதும் 1-ஐத் தாண்டாது.

```c
#define BASE 1000000000u

size_t add(uint32_t *r, const uint32_t *a, size_t n,
           const uint32_t *b, size_t m)
{
    uint32_t c = 0;
    for (size_t i = 0; i < n; i++) {
        uint32_t s = a[i] + c;
        if (i < m) s += b[i];
        c = (s >= BASE);
        if (c) s -= BASE;
        r[i] = s;
    }
    if (c) r[n++] = c;
    return n;
}
```

இங்கே `n`, `m` இரண்டும் எண்களின் நீளம், அதாவது கட்டங்களின் எண்ணிக்கை. நீளமான எண்ணை முதலில் தர வேண்டும் என்பது இந்தச் செயற்கூறின் நிபந்தனை. விடைக்கான அணியில் `n + 1` கட்டம் இருக்க வேண்டும். 64 பிட்டின் கடைசி எண்ணையே எடுத்து அதோடு அதையே கூட்டிப் பார்க்கலாம். அதன் கட்டங்கள் மேலிருந்து 18, 446744073, 709551615. கீழ்க் கட்டங்களைக் கூட்டினால் 1419103230. நூறு கோடியைக் கழித்தால் 419103230, கையில் 1. நடுக் கட்டங்களின் கூட்டுத்தொகை 893488146, கையிருப்போடு 893488147. இங்கே கையில் எதுவும் இல்லை. மேல் கட்டம் 36. விடை 36893488147419103230.

நிரலில் எளிதில் தவறவிடும் வரி கடைசிக்கு முந்தையது. மடக்கு முடிந்த பிறகும் கையில் 1 இருக்கலாம். எல்லாக் கட்டங்களிலும் 999999999 இருக்கும் ஓர் எண்ணோடு 1 கூட்டினால் கையிருப்பு அடியிலிருந்து உச்சிவரை ஓடி, புதிதாக ஒரு கட்டத்தையே உண்டாக்கும். தாறுமாறாக எடுத்த எண்களைக் கொண்டு சோதிக்கும்போது இந்த நிலை அபூர்வமாகத்தான் வரும். அதனால் இதை வேண்டுமென்றே எழுதிச் சோதிக்க வேண்டும்.

பெருக்கலில் இரண்டு நிலை உண்டு. முதலாவது, நீண்ட எண்ணை ஒரே கட்டத்தில் அடங்கும் சிறிய எண்ணால் பெருக்குவது. தொடக்கத்தில் தவறிய கணக்கை இப்படிச் செய்யலாம். கட்டங்கள் 2, 432902008, 176640000. பெருக்க வேண்டியது 21. கீழ்க் கட்டத்தில் 176640000 × 21 = 3709440000. இதை நூறு கோடியால் வகுத்தால் மீதி 709440000. ஈவு 3 கையில். நடுவில் 432902008 × 21 = 9090942168. கையிருப்பைச் சேர்த்தால் 9090942171. மீதி 090942171, கையில் 9. மேல் கட்டத்தில் 2 × 21 = 42; கையிருப்போடு 51. மேலிருந்து படித்தால் 51, 090942171, 709440000, அதாவது 51090942171709440000. நடுக் கட்டத்தில் இடையில் வந்த 9090942171 என்ற எண் 32 பிட்டில் அடங்காது. கூட்டலுக்கு 32 பிட் போதும். பெருக்கலில் இடைக்கணக்கை 64 பிட்டில்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது நிலை, இரண்டு நீண்ட எண்களைப் பெருக்குவது. பள்ளியில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு வரி எழுதி, வரிகளைச் சரித்து அடுக்கி, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டினோம். நிரல் அந்த வரிகளைத் தனித்தனியாக வைப்பதில்லை. ஒரு பெருக்கல் முடிந்தவுடன் விடை அணியின் உரிய கட்டத்தில் அப்போதே கூட்டிவிடும். `a`-இன் i-ஆம் கட்டத்தையும் `b`-இன் j-ஆம் கட்டத்தையும் பெருக்கினால், அது சேர வேண்டிய இடம் விடையின் i + j-ஆம் கட்டம்.

```c
size_t mul(uint32_t *r, const uint32_t *a, size_t n,
           const uint32_t *b, size_t m)
{
    memset(r, 0, (n + m) * sizeof r[0]);
    for (size_t i = 0; i < n; i++) {
        uint64_t c = 0;
        for (size_t j = 0; j < m; j++) {
            uint64_t t = (uint64_t)a[i] * b[j] + r[i + j] + c;
            r[i + j] = (uint32_t)(t % BASE);
            c = t / BASE;
        }
        r[i + m] = (uint32_t)c;
    }
    size_t k = n + m;
    while (k > 1 && r[k - 1] == 0) k--;
    return k;
}
```

இதைக் கையால் நடத்திப் பார்க்க நூறு கோடி அடிமானம் வசதிப்படாது. அடிமானத்தை 1000 என்று சுருக்கி, கட்டத்துக்கு மூன்று இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். மற்ற எதுவும் மாறாது. பெருக்க வேண்டியவை 748965, 583972. `a[0]` = 965, `a[1]` = 748; `b[0]` = 972, `b[1]` = 583. விடையின் நான்கு கட்டங்களும் 0-வில் தொடங்கும்.

முதலில் 965-ஐ எடுத்துக்கொள்வோம். 965 × 972 = 937980. 980 என்பது `r[0]`-இல் அமர, 937 கையில். அடுத்து 965 × 583 = 562595; கையிருப்போடு 563532. 532 என்பது `r[1]`-இல், 563 கையில். உள் மடக்கு முடிந்ததால் 563 அப்படியே `r[2]`-இல் இறங்கும். இப்போது 748. 748 × 972 = 727056. இது சேர வேண்டிய `r[1]`-இல் ஏற்கெனவே 532 இருக்கிறது, கூட்டினால் 727588. `r[1]` 588 ஆகிறது, 727 கையில். கடைசியாக 748 × 583 = 436084. `r[2]`-இல் உள்ள 563-ஐயும் கையிலுள்ள 727-ஐயும் சேர்த்தால் 437374. `r[2]` 374 ஆக, மிச்சமான 437 `r[3]`-இல் இறங்குகிறது. மேலிருந்து படித்தால் 437374588980.

இந்தச் செயற்கூறின் உயிர் `t` கணக்கிடப்படும் ஒரே வரியில் இருக்கிறது. அங்கே மூன்று எண்கள் சேர்கின்றன: இரண்டு கட்டங்களின் பெருக்குத்தொகை, விடைக் கட்டத்தில் ஏற்கெனவே இருப்பது, கையிருப்பு. இவை சேர்ந்து 64 பிட்டைத் தாண்டாது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அடிமானத்தை B என்று கொண்டால், ஒரு கட்டத்தின் உச்ச மதிப்பு B − 1. கையிருப்பும் B − 1-ஐத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தால் வரும் தொகை

```
(B-1)*(B-1) + (B-1) + (B-1) = B*B - 1
```

இதை B-ஆல் வகுத்தால் ஈவு B − 1-ஐத் தாண்டாது. ஆகவே அடுத்த சுற்றுக்குப் போகும் கையிருப்பும் அதே வரம்புக்குள்தான் இருக்கும். எண்கள் எத்தனை லட்சம் கட்டங்கள் நீண்டாலும் இந்த வரம்பு உடையாது. நூறு கோடி அடிமானத்தில் உச்சம் 999999999999999999, அதாவது பதினெட்டு ஒன்பதுகள். 64 பிட்டின் எல்லை அதைப்போல் பதினெட்டு மடங்குக்கும் மேல். அடிமானத்தை 2-இன் 32-ஆம் அடுக்காக, அதாவது கட்டத்தின் 32 பிட்டையும் முழுதாகப் பயன்படுத்தும்படி வைத்தாலும், உச்சம் சரியாக 18446744073709551615-இல் வந்து நிற்கும். ஒன்றுகூட மிஞ்சாது, ஒன்றுகூட வழியாது. பெரிய எண் கணக்கில் இதைவிட அழகாகப் பொருந்தும் இடம் வேறில்லை.

அதே வரியில்தான் மிகப் பரவலான பிழையும் நேர்கிறது. `(uint64_t)` என்ற மாற்றுக் குறிப்பை விட்டுவிட்டால், `a[i] * b[j]` என்ற பெருக்கல் 32 பிட்டிலேயே நடந்துவிடும். விடையை வாங்கும் `t` 64 பிட் மாறி என்பது பெருக்கலுக்கு உதவாது. இரண்டு பக்கமும் 32 பிட் என்றால் பெருக்கல் 32 பிட்தான். 999999999-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 999999998000000001 வர வேண்டும். மாற்றுக் குறிப்பு இல்லாவிட்டால் 808348673 வரும். அது நூறு கோடிக்குள் அடங்கி, ஒரு கட்டத்தில் இருக்கத் தகுந்த எண்போலவே உட்கார்ந்திருக்கும். சிறிய எண்களைக் கொண்டு சோதித்தால் இந்தப் பிழை வெளிப்படாது. ஒவ்வொரு கட்டமும் நிரம்பிய எண்களைத் தந்தால் உடனே தெரியும். `-fsanitize=undefined` என்ற கம்பைலர் சோதனையும் இதைப் பிடிக்காது. அது குறியுள்ள எண்களின் அளவு மீறலைத்தான் பார்க்கும்; குறியில்லாத எண்களில் மீறல் மொழியின் விதிப்படி செல்லும்.

இன்னொரு பிழை, விடை அணியாகப் பெருக்கப்படும் அணியையே தருவது. கூட்டலில் `r`-உம் `a`-உம் ஒன்றாக இருக்கலாம்; ஒரு கட்டத்தைப் படித்த பிறகே அதில் எழுதுகிறோம். பெருக்கலில் அது கூடாது. முதல் வரியில் `memset` விடை அணியை 0 ஆக்கும்போதே பெருக்க வேண்டிய எண்ணும் அழிந்துவிடும். விடை எப்போதும் 0. விடைக்குத் தனி அணி வேண்டும், அதில் `n + m` கட்டங்கள் இருக்க வேண்டும். இடம் குறைவாக ஒதுக்கியிருந்தால் அணிக்கு வெளியே எழுதப்படும். அதைக் கண்டுபிடிக்க `-fsanitize=address` நன்றாக உதவும்.

அச்சிடும்போதும் ஒரு கண்ணி உண்டு. 51, 090942171, 709440000 என்ற கட்டங்களை வெறும் `%u` கொண்டு அடுத்தடுத்து அச்சிட்டால், நடுக் கட்டத்தின் முன்னால் உள்ள பூஜ்ஜியம் தொலைந்து 5190942171709440000 என்று வரும். கணக்கு சரி, காட்டியதுதான் தவறு. உச்சிக் கட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்பது இலக்கமாக, முன்னால் பூஜ்ஜியம் நிரப்பி அச்சிட வேண்டும்.

```c
printf("%" PRIu32, r[k - 1]);
for (size_t i = k - 1; i-- > 0; )
    printf("%09" PRIu32, r[i]);
```

மடக்கு இப்படி எழுதப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. `size_t` குறியில்லாத வகை. `i >= 0` என்று நிபந்தனை எழுதினால் அது எப்போதும் உண்மை. 0-வுக்குப் பிறகு `i` ஒரு மாபெரும் எண்ணாகி, நிரல் அணிக்கு வெளியே படிக்கப் போய்விடும்.

ஆயிரம் இலக்க விடை சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிறிய எண்களுக்கு `bc` போன்ற கருவியில் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடலாம். ஆனால் நிரலுக்குள்ளேயே வைக்கத்தக்க ஒரு சோதனை உண்டு. ஓர் எண்ணை 9-ஆல் வகுத்த மீதியும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை 9-ஆல் வகுத்த மீதியும் ஒன்றே என்பது பழைய கணக்கு முறை. அடிமானம் 1000 ஆனால் அதே வேலையை 999 செய்யும். 748965-இன் கட்டங்களைக் கூட்டினால் 1713. 999-ஐக் கழித்தால் 714. 583972-க்கு 1555, அதாவது 556. 714 × 556 = 396984; இதன் இரண்டு கட்டங்களையும் கூட்டினால் 1380, அதாவது 381. இனி விடை: 437 + 374 + 588 + 980 = 2379. 999-ஆல் வகுத்தால் மீதி 381. இரண்டும் பொருந்துகின்றன.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. கட்டங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. `r[i + j]` என்பதற்குப் பதிலாக வேறு கட்டத்தில் கூட்டிவிடும் பிழையை இது தவறவிடும். அதற்கு 1001-ஐக் கொண்டு இரண்டாவது சோதனை வேண்டும். இதில் கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் வர வேண்டும். 965 − 748 = 217; 972 − 583 = 389. 217 × 389 = 84413; இதைக் கட்டமாக்கினால் 413 − 84 = 329. விடையில் 980 − 588 + 374 − 437 = 329. நூறு கோடி அடிமானத்தில் 999-க்குப் பதில் 999999999, 1001-க்குப் பதில் 1000000001. பெருக்கலுக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைகளுக்கு ஆகும் நேரம் மிகச் சொற்பம். அச்சிடும்போது தொலையும் பூஜ்ஜியத்தை மட்டும் இவை கண்டுகொள்ளாது. அணியில் இருப்பது சரியான எண்ணே.

இனி வேகம். கூட்டலில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு முறை தொடுகிறோம். எண்ணின் நீளம் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்கும். பெருக்கலில் ஒரு பக்கத்தின் ஒவ்வொரு கட்டமும் மறுபக்கத்தின் ஒவ்வொரு கட்டத்தோடும் சேர வேண்டும். நீளம் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். பத்து லட்சம் இலக்கமுள்ள இரண்டு எண்களைக் கட்டத்துக்கு ஓர் இலக்கமாக வைத்துப் பெருக்கினால் ஒரு லட்சம் கோடி சிறு பெருக்கல்கள். கட்டத்துக்கு ஒன்பது இலக்கமாக வைத்தால் அது 81-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 1,235 கோடி. நிரலில் `BASE` என்ற ஒரு வரியால் வரும் வித்தியாசம் இது. கட்டம் முழுவதையும் பயன்படுத்தும் 2-இன் அடுக்கு அடிமானம் இன்னும் வேகமானது. அங்கே வகுத்தலும் மீதியும் வெறும் பிட் நகர்த்தலாகிவிடும். ஆனால் அதை நாம் படிக்கும் பத்தின் அடிமானத்துக்கு மாற்றி அச்சிடுவது தனி வேலை. எளிய முறையில் செய்தால் அதுவும் நீளத்தின் இருபடியாக வளரும். கணக்கு கொஞ்சம், அச்சிடுவது அதிகம் என்றால் நூறு கோடி அடிமானமே நல்லது. கணக்கே பெரும்பகுதி என்றால் 2-இன் அடுக்கை எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு மடங்கு என்பதைத் தவிர்க்கவே முடியாது என்று ரஷ்யக் கணித அறிஞர் ஆந்த்ரேய் கோல்மொகோரோவ் நம்பினார். 1960-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் அதை அவர் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் 23 வயது அனதோலி கரத்சூபா. ஒரு வாரத்துக்குள் அவர் அது தவறு என்று காட்டிவிட்டார். அவர் வழி, மேலே செய்த கணக்கிலேயே தெளிவாகத் தெரியும். 748965 × 583972-க்கு நான்கு பெருக்கல் செய்தோம். கரத்சூபா மூன்றுதான் செய்வார். மேல் கட்டங்கள்: 748 × 583 = 436084. கீழ்க் கட்டங்கள்: 965 × 972 = 937980. மூன்றாவது, ஒவ்வோர் எண்ணின் கட்டங்களையும் கூட்டிப் பெருக்குவது: 1713 × 1555 = 2663715. இதிலிருந்து முதல் இரண்டையும் கழித்தால் 1289651. நடுவில் வரவேண்டிய இரண்டு பெருக்குத்தொகைகளின் கூட்டு அதுதான்; 727056-ஐயும் 562595-ஐயும் கூட்டிப் பார்க்கலாம். 436084-ஐ ஆறு இடமும், 1289651-ஐ மூன்று இடமும் தள்ளி, 937980-ஐயும் கூட்டினால் அதே 437374588980.

ஒரு பெருக்கல் குறைவது இரண்டு கட்ட எண்ணில் பெரிதல்ல. ஆயிரம் கட்ட எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் மீண்டும் இப்படியே பிரித்துக்கொண்டு போனால், ஒவ்வொரு மட்டத்திலும் நான்கில் ஒரு பங்கு வேலை மிச்சமாகும். நீளம் இரட்டித்தால் வேலை மூன்று மடங்கு மட்டுமே ஆகும். பதிலுக்கு அதிகக் கூட்டல்களும் கழித்தல்களும், இடைவிடைகளுக்குத் தனி இடமும் வேண்டும். 1713 என்ற எண் மூன்று இலக்கக் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பாதிகளைக் கூட்டும்போது ஓர் உபரிக் கட்டம் ஒதுக்க மறந்தால் விடை கெடும். இந்தச் செலவுகளால் சிறிய எண்களில் கரத்சூபா முறை பள்ளிப் பெருக்கலைவிட மெதுவாகவே ஓடும். முந்திக்கொள்ளும் இடம் கணினிக்குக் கணினி மாறும். பொதுவாகச் சில பத்துக் கட்டங்களைத் தாண்டிய பிறகே ஆதாயம் தெரியும். அதனால் நல்ல நிரல்கள் எண் நீளமாக இருக்கும்வரை பிரித்துக்கொண்டு போய், துண்டு போதிய அளவு சிறிதானதும் மேலே கண்ட `mul`-இடம் ஒப்படைத்துவிடும். லட்சக்கணக்கான இலக்கங்களுக்கு இவற்றையும் விட வேகமான முறைகள் உண்டு. ஷோன்ஹாகேயும் ஷ்ட்ராஸனும் 1971-இல் வெளியிட்ட முறை அவற்றில் புகழ்பெற்றது.

இவை எல்லாவற்றையும் சேர்த்து, எண்ணின் நீளத்துக்கு ஏற்ற முறையைத் தானே தேர்ந்தெடுக்கும் திறந்த மூல நூலகம் ஜிஎம்பி. 1991 முதல் வெளிவரும் இது சி மொழியில் பயன்படுத்துவதற்கென்றே எழுதப்பட்டது. மறைக்குறியாக்கத்துக்கோ மிக நீளமான கணக்குகளுக்கோ நன்கு சோதிக்கப்பட்ட இத்தகைய நூலகத்தையே நாட வேண்டும். ஆனால் அன்றாடத் தேவை பலரும் நினைப்பதைவிடச் சிறியது. ஆர்எஸ்ஏ முறையில் பரவலாகப் பயன்படும் 2048 பிட் எண் பத்தின் அடிமானத்தில் 617 இலக்கம். நூறு கோடி அடிமானத்தில் அது 69 கட்டம். அப்படி இரண்டு எண்களைப் பெருக்க 4761 சிறு பெருக்கல்கள் போதும். இந்த அளவுக்கு, சரியாக எழுதிச் சோதித்த இருபது வரி `mul` செயற்கூறே தாராளம்.